யார் செய்வார்? ஒரு மானிய விண்ணப்பத்தின் வாக்கியங்களைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஒரு குடியிருப்பு வட்டாரத்தில், தமிழ் பேசும் மூத்தோருக்காகச் சிறிய தொண்டூழியக் குழு ஒன்று இயங்கிவருகிறது. வீவக புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில் மாதம் ஓரிரு முறை கூடுவார்கள். தேநீர், பழைய பாடல்கள், சில நேரம் உடற்பயிற்சி என்று கூட்டம் போகும். குழுவில் ஓய்வுபெற்ற தாதியர் சிலர் இருந்ததால், மூத்தோர் தங்கள் மருந்துப் பைகளையும் எடுத்துவரத் தொடங்கினார்கள். "இது எதற்கு? இதை இரவில் சாப்பிடுவதா, காலையிலா?" என்று கேட்பார்கள். இதையே ஒரு திட்டமாக நடத்தலாம் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது.

தமிழர்கள் நடத்தும் ஓர் அறநிதியிடம் குழு மானியம் கேட்டது. விண்ணப்பத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். குழுவின் வேலை முழுவதும் தமிழில் நடப்பதால் தமிழிலேயே எழுதினார்கள். முதல் ஆண்டு நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. காரணம் கேட்டபோது, திட்டத்தில் என்ன நடக்கும் என்பது தெளிவாகப் புரியவில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. இரண்டாம் ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க முடிவு செய்த குழுவினர், பழைய வரைவை என்னிடம் கொடுத்து, "மொழியைக் கொஞ்சம் செதுக்கிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அந்த வேலை எப்படி நடந்தது, அதன் விளைவு என்ன என்பதை, குழுவின் இசைவோடு இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வரைவில் கண்டவை

வரைவை எழுதியவர் குழுவின் தலைவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவர். பிழையின்றி எழுதக்கூடியவர், சந்தியில்கூடத் தவறு கிடையாது. திட்ட விளக்கம் என்ற பெட்டியில் அவர் எழுதியிருந்த வாக்கியம் இது:

"சமூகத்தில் வசிக்கும் தமிழ் பேசும் மூத்த குடிமக்கள் தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளை முறையாகப் பயன்படுத்துவது தொடர்பில் எதிர்நோக்கும் பல்வேறு சவால்களைக் கருத்தில்கொண்டு, அவர்களிடையே உரிய விழிப்புணர்வை ஏற்படுத்தும் நோக்கில், தொண்டூழியர்களின் பங்களிப்புடன் பல்வேறு நடவடிக்கைகள் கட்டங்கட்டமாக மேற்கொள்ளப்படவுள்ளன என்பதையும், இதன்வழி அவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்படுத்தப்படும் என எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத வாக்கியம். ஆனால் படித்து முடித்தபின் கண்முன் ஒன்றும் தெரிவதில்லை. யாரும் எழுந்து நடக்கவில்லை, எந்தக் கையும் எதையும் தொடவில்லை. "மேற்கொள்ளப்படவுள்ளன" என்ற வினைக்கு எழுவாய் "நடவடிக்கைகள்". அவற்றை மேற்கொள்பவர் வாக்கியத்தில் இல்லை. "எதிர்பார்க்கப்படுகிறது", எதிர்பார்ப்பவர் யார் என்று தெரியாது. "பல்வேறு" இரண்டு முறை வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் முற்றுவினை பொதுவாகக் கடைசியில்தான் வரும். எனவே இடையில் "கருத்தில்கொண்டு", "நோக்கில்", "பங்களிப்புடன்" என்று அடுக்க அடுக்க, படிப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டே வினைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவருக்குக் கடைசியில் கிடைப்பது "தெரிவித்துக்கொள்கிறோம்" என்றால், அவருடைய உழைப்பு வீண். ஒரே மாலையில் இருபது விண்ணப்பங்களைப் படிக்கும் மதிப்பீட்டாளர் அந்தச் சுமையைத் தூக்கமாட்டார். பெட்டிக்குப் பெட்டி தாவிவிடுவார்.

இந்த நடை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையும் கூட்டக்குறிப்பும் ஓர் அமைப்பின் பெயரால் பேசுபவை. இன்னார் செய்தார் என்று அங்கே எழுதினால் அந்த இன்னார் நாளை பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் செயப்பாட்டு வினை அங்கே ஒரு பாதுகாப்பு. மானியம் தருபவர் கேட்பதோ அதற்கு நேர் எதிரானது: யார் பதில் சொல்வார் என்பதே அவருடைய முதல் கேள்வி. தலைவருக்கு எழுத வராமல் இல்லை. ஓரிடத்துக்கு உரிய நடையை இன்னோரிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

முதல் முயற்சி: வெறும் வெட்டு

முதலில், பொருளைத் தொடாமல் சொற்களை மட்டும் குறைத்துப் பார்த்தேன்.

"தமிழ் பேசும் மூத்தோரிடையே மருந்துப் பயன்பாடு குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்த, தொண்டூழியர்களுடன் சேர்ந்து நடவடிக்கைகள் எடுப்போம்."

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. செய்வினையாகவும் ஆகிவிட்டது. குழுவின் செயலாளர் படித்துவிட்டு, "இப்போது நன்றாக இருக்கிறதே" என்றார். ஆனால் இந்த வாக்கியத்தில் "மருந்து" என்பதை எடுத்துவிட்டு "மின்சாரம்" என்று போட்டாலும் அது அப்படியே நிற்கும். அதிலிருந்தே அது காலியானது என்று தெரிந்தது. சொற்சிக்கனம் என்ற பெயரில் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நீளமான வெறுமை குறுகிய வெறுமையாகிறது, அவ்வளவே.

அதனால் மேற்கொண்டு திருத்துவதை நிறுத்திவிட்டு, வரைவில் இருந்த செயப்பாட்டு வினைகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் அருகில் ஒரே கேள்வியை எழுதினேன்: யார்? "நடவடிக்கைகள்" என்ற சொல்லுக்கு அருகில் மட்டும் வேறொரு கேள்வி: ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்தால் என்ன நடந்துகொண்டிருக்கும்? தாளைத் தலைவர், செயலாளர், தாதியரில் மூத்தவர் ஆகிய மூவருக்கும் கொடுத்து, ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் பதில் எழுதித் தரச் சொன்னேன்.

மூன்று பதில்கள்

தலைவர் எழுதியது: மருத்துவர் ஒருவரை அழைத்து உரை நிகழ்த்துவோம், பிறகு மதிய உணவு. செயலாளர் எழுதியது: வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மருந்துப் பெட்டிகளை வாங்கி வழங்குவோம். தாதி எழுதியது: ஒவ்வொருவரோடும் தனியே உட்கார்ந்து அவர் பையில் இருப்பதைப் பார்ப்போம்.

"பல்வேறு நடவடிக்கைகள்" என்ற இரண்டு சொற்களுக்குள் மூன்று வெவ்வேறு திட்டங்கள் ஓராண்டாக ஒன்றையொன்று பார்க்காமலே குடியிருந்தன. ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தைப் படித்துத் தம் திட்டத்தையே அதில் கண்டு திருப்தி அடைந்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டின் பதிலில் திட்டம் புரியவில்லை என்று மதிப்பீட்டாளர்கள் சொன்னது நடையைப் பற்றிய குறை என்றுதான் குழு எண்ணியிருந்தது. உண்மையில் முடிவு செய்யப்படாத ஒன்றை அந்த நடை மூடி மறைத்திருந்தது. இந்த நிகழ்விலிருந்து மற்றவர்களுக்குப் பயன்படக்கூடியது இதுதான் என்று கருதுகிறேன். மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

மூன்று தாள்களையும் மேசையில் வைத்துப் பேசினோம். உரை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது. அறை நிறையக் கூட்டம் வந்தது, ஆனால் யாரும் தம் மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் கேட்கத் தயங்கினார்கள். பெட்டியை மட்டும் கொடுத்தால், எந்த மாத்திரை எந்த அறைக்குள் போகும் என்பதை யார் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. அப்போது தாதி ஒரு நிகழ்வைச் சொன்னார்.

எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர். இரத்த அழுத்தத்துக்குப் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை ஒரு பையில்; மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த மாத்திரை இன்னொரு பையில். இரண்டும் அம்லோடிபின் என்ற ஒரே மருந்து. ஒன்றின் அட்டையில் வணிகப் பெயர் பெரிதாக இருந்தது, மற்றொன்றில் மருந்தின் பெயர். மாத்திரைகளின் வடிவமும் வேறு. சிட்டைகள் ஆங்கிலத்தில் இருந்ததால், அவர் இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்று எண்ணி, இரண்டையும் காலையில் உட்கொண்டு வந்திருக்கிறார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். தாதி தாமாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு அட்டைகளையும் ஒன்றாகக் கட்டி, ஒரு குறிப்பு எழுதி, "அம்மா, இவை இரண்டும் ஒரே மருந்து போலத் தெரிகிறது, இன்றைக்கே மருந்தாளரிடம் காட்டுங்கள்" என்று மகனோடு அனுப்பிவைத்தார்.

தலைவர் இதற்குமுன் இதைக் கேட்டதில்லை. கேட்டு முடித்ததும், "அப்படியானால் இதைத்தானே நாம் எழுதியிருக்க வேண்டும்" என்றார். உரையும் உணவும் கைவிடப்பட்டன. தனியாக உட்கார்ந்து பார்ப்பதே திட்டம், பெட்டி அதற்கு ஒரு கருவி என்று முடிவானது. வரவுசெலவுப் பட்டியலும் அதோடு மாறியது. மண்டப வாடகை, உணவு, பேச்சாளருக்கான அன்பளிப்பு ஆகியவை போயின. மருந்துப் பெட்டிகள், பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ் மருந்து அட்டைகள், தாதியரின் போக்குவரத்துச் செலவு ஆகியவை வந்தன. கேட்கும் தொகை குறைந்தது.

வாக்கியங்களை மீண்டும் எழுதியது

முடிவு எடுத்தபின் எழுதுவது எளிதாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆளை எழுவாயாக வைத்தோம். "விளக்கம் அளித்தல் மேற்கொள்ளப்படும்" போன்றவற்றில் உண்மையான வினை பெயர்ச்சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதை வெளியே எடுத்து "விளக்குவார்" என்று ஆக்கினோம். "ஏற்பாடு செய்து தரப்படும்" என்பது "ஏற்பாடு செய்வோம்" ஆயிற்று. இறுதியில் திட்ட விளக்கம் இப்படி நின்றது:

"நாங்கள் பேசிய 31 மூத்தோரில் 12 பேர் மாத்திரையின் நிறத்தை வைத்தே மருந்தை அடையாளம் காண்கிறார்கள். நிறம் மாறினால் குழம்புகிறார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமைகளில், தமிழ் பேசும் ஓய்வுபெற்ற தாதியர் நால்வர் அவர்களோடு தனித்தனியே அமர்வார்கள். பையில் உள்ள ஒவ்வொரு மருந்தும் எதற்கு, அதை எப்போது உட்கொள்வது என்று தமிழில் விளக்கி, வாரப் பெட்டியில் அடுக்கிக் காட்டுவார்கள். ஐயம் தரும் மருந்து இருந்தால் குறிப்பு எழுதி, மூத்தோரை மருந்தாளரிடம் அனுப்புவார்கள். மருந்தின் அளவைத் தாதியர் மாற்றமாட்டார்கள். எதையும் நிறுத்தவோ புதிதாகப் பரிந்துரைக்கவோ மாட்டார்கள்."

பழைய வாக்கியத்தைவிட இது நீளம். சுருக்கச் சொன்ன வேலையில் ஒரு பத்தி நீண்டது செயலாளருக்கு வியப்பாக இருந்தது. ஆனால் வரைவின் முதல் பக்கம் முழுவதும் போய்விட்டதால் விண்ணப்பம் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதியானது. அந்தப் பக்கத்தில், 2030-க்குள் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பதும், 2023-இல் ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசியச் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது என்பதும் விரிவாக இருந்தன. இரண்டும் உண்மை. இரண்டும் மதிப்பீட்டாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவை. நாட்டின் நிலையை மதிப்பீட்டாளருக்கு எடுத்துச் சொல்லும் பக்கத்தில், அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லும் வாய்ப்பு கைநழுவிப் போகிறது. அவருக்குத் தெரியாதது அந்த 31 பேர்.

அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதும் சொல்லத் தக்கது. முதலில் "மூத்தோர் பலர்" என்றே எழுதியிருந்தோம். தாதி தம் குறிப்பேட்டைப் புரட்டி எண்ணினார். "பலர்" என்பதைவிட 12 வலிமையாக இருந்தது. அது சிறிய எண்ணாக இருந்தும்கூட.

வாக்கிய நீளத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டோம்: உரக்கப் படிக்கும்போது முற்றுவினைக்கு முன்பே மூச்சு முட்டினால் வாக்கியத்தைப் பிரிப்பது. "நிறம் மாறினால் குழம்புகிறார்கள்" என்ற குட்டி வாக்கியம் அப்படிப் பிரித்ததில் தனியே வந்து நின்றது. நேர்காணலில் ஒருவர் அதைத்தான் திருப்பிச் சொன்னார்.

மரியாதை பற்றிய வாக்குவாதம்

"பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதை எடுத்தபோது தலைவர் மறுத்தார். நிதி கேட்டுப் போகிறவர்கள் பணிவு காட்ட வேண்டாமா என்பது அவர் கேள்வி. வரைவில் அது ஏழு இடங்களில் இருந்தது. செயலாளர், "ஐயா, ஒவ்வொரு பத்தியிலும் கும்பிட்டால் பேச நேரம் இருக்காது" என்றார். தலைவர் சிரித்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழில் முன்பின் அறியாத மூத்தவர்களுக்கு எழுதும்போது, எடுத்த எடுப்பில் "நாங்கள் செய்வோம்" என்று தொடங்குவது சிலருக்கு முரட்டுத்தனமாகப் படும். முடிவில் மரியாதைக்கு ஒரு தனி இடம் கொடுத்தோம்: விண்ணப்பத்தோடு செல்லும் கடிதம். அதில் வணக்கமும் நன்றியும் பணிவும் தலைவரின் நடையிலேயே முழுமையாக இருந்தன. அதில் ஒரு சொல்லையும் நான் தொடவில்லை. படிவத்தின் பெட்டிகளுக்குள் வேலை மட்டும். இந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் சரியாகவே பட்டது.

வேகம் அளவு மீறிய இடம்

சுருங்கிய வரைவைப் பார்த்து உற்சாகமடைந்த பொருளாளர், எதிர்பார்க்கும் பலன்கள் என்ற பகுதியைத் தாமே எழுதிவந்தார். இளைஞர், விளம்பரத் துறையில் வேலை செய்பவர். "மருந்துத் தவறுகளை எங்கள் வட்டாரத்தில் அடியோடு ஒழிப்போம். மூத்தோரின் உயிரைக் காப்போம்" என்று இருந்தது. செய்வினை, குறுகிய வாக்கியம், வேகம் எல்லாம் இருந்தன.

தாதி அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "தம்பி, ஒருவர் வீட்டுக்குப் போய் என்ன உட்கொள்கிறார் என்று நமக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படிக் கையெழுத்திட்டுக் கொடுப்பேன்?" என்றார்.

செயப்பாட்டு வினையை விரட்டும்போது அடிக்கடி நேரும் ஆபத்து இது. மந்தமான நடை ஒன்றும் சொல்லாமல் தப்பிக்கிறது. வேகமான நடை செய்ய முடியாததைச் சொல்லி மாட்டிக்கொள்கிறது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் இரண்டையும் உடனே கண்டுகொள்வார். இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் மற்ற வாக்கியங்களின் மீதும் அது ஐயத்தை எழுப்பிவிடும்.

எது உண்மையில் குழுவின் கைக்குள் இருக்கிறது என்று கேட்டோம். சுகாதாரப் பணியாளர்கள் வழக்கமாகக் கையாளும் ஒரு முறை இருக்கிறது: விளக்கியபின், கேட்டவரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்வது. புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் புரிந்தது எது, புரியாதது எது என்று தெரியும். அதையே அளவுகோலாக வைத்து எழுதினோம்: "ஆறு மாத முடிவில், பங்கேற்கும் 40 பேரில் குறைந்தது 30 பேர் தங்கள் மருந்து ஒவ்வொன்றின் பயனையும் நேரத்தையும் பிறர் உதவியின்றிச் சொல்வார்கள்." உயிரைக் காப்பது பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் இதில் எண், காலக்கெடு, சரிபார்க்கும் வழி மூன்றும் உள்ளன.

தாதியர் அளவை மாற்றமாட்டார்கள் என்ற வாக்கியத்தையும் எடுத்துவிடலாம் என்று பொருளாளர் நினைத்தார், எதிர்மறையாக ஒலிக்கிறதாம். அதை வைத்திருந்தோம், அதுவும் திட்ட விளக்கத்திலேயே. தொண்டூழியர்கள் மருந்து விஷயத்தில் கைவைக்கிறார்களே என்ற கவலை படிப்பவருக்கு எழுவது இயல்பு. அது எழும் இடத்திலேயே பதில் இருக்க வேண்டும். அதேபோல் தனிநபர் தரவு பற்றிய இரண்டு வாக்கியங்களையும் சுருக்கவில்லை. யாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் மருந்து அட்டையில் இருக்காது, அட்டை மூத்தவரிடமே இருக்கும் என்பதை ஓசைநயத்துக்காகக் குறைப்பது தவறு.

பெட்டியின் எழுத்தெண்ணிக்கை

விண்ணப்பத்தை இணையப் படிவத்தில் ஏற்றும்போது எதிர்பாராத தடை வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் 2,000 எழுத்து வரம்பு. குழு தாளில் எழுத்தை எண்ணி, வரம்புக்குள் இருப்பதாக நம்பியிருந்தது. படிவமோ பாதி வாக்கியத்தில் வெட்டிவிட்டது.

கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. உயிர்மெய்யில் உள்ள உயிர்க்குறியும், மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். "தொண்டூழியர்" என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. பெரும்பாலான படிவங்களின் கணக்கில் 11. ஆகவே தமிழில் எழுதுபவருக்கு வரம்பு சொல்லப்பட்டதைவிடக் கணிசமாகக் குறுகியது. இந்த வரம்பில் அலுவலக நடை எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது: "மேற்கொள்ளப்படவுள்ளன" 19 குறிகள், "செய்வோம்" 8. தலைவர் இதைத் தாமே எண்ணிப் பார்த்தார். நான் சொன்ன எந்த வாதத்தைவிடவும் அந்த எண்ணிக்கை அவரை அதிகம் மாற்றியது என்று நினைக்கிறேன்.

விளைவு

இம்முறை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கேள்விகள் அனைத்தும் நடைமுறை பற்றியவை. ஒரு மூத்தவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மருந்தாளர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்கு விடை விண்ணப்பத்தில் இல்லை. தாதி நேரில் சொன்னார், ஏறத்தாழ 25 நிமிடம் என்று. ஒருவர், 31 பேர் என்பது உங்களிடம் ஏற்கெனவே வருபவர்கள்தானே, வராதவர்களின் நிலை தெரியுமா என்று கேட்டார். அதற்குக் குழுவிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு இடங்களுக்குக் கேட்டிருந்தார்கள். ஓர் இடத்துக்கு ஆறு மாதம் மானியம் கிடைத்தது. அறிக்கையைப் பார்த்தபின் மற்றது பற்றி முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.

வாக்கியங்களைத் திருத்தியதால்தான் கிடைத்தது என்று சொல்ல முடியாது. திட்டமே மாறியிருந்தது, தொகையும் குறைந்திருந்தது. ஆனால் திட்டம் மாறியதற்குக் காரணம் அந்த வட்டங்களும் அவற்றின் அருகே எழுதிய கேள்விகளும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

துல்லியமாக எழுதியதற்கு ஒரு விலையும் இருந்தது. மூன்றாம் மாதத்தில் தாதி ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வெளிநாடு சென்றார், இன்னொருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஒரு சனிக்கிழமை இருவர் மட்டுமே வந்தார்கள். "தொண்டூழியர்களின் பங்களிப்புடன்" என்று இருந்திருந்தால் யாரும் எதையும் கேட்டிருக்கமாட்டார்கள். "நால்வர்" என்று எழுதியிருந்ததால் குழு அறநிதிக்குக் கடிதம் எழுதி விளக்க வேண்டியிருந்தது. அறநிதி ஏற்றுக்கொண்டது; அந்த வாரங்களில் குறைவான மூத்தோரைப் பார்த்தால் போதும் என்றது.

ஆறு மாத முடிவில் 34 பேர் தொடர்ந்து வந்திருந்தார்கள். அவர்களில் 23 பேர் தங்கள் மருந்துகளைத் தாமே சொன்னார்கள். இலக்கு எட்டப்படவில்லை. அறிக்கையின் முதல் வரைவில் "இலக்கை நோக்கிய குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது" என்று இருந்தது. தலைவரே அதை அடித்துவிட்டு எழுதினார்: "30 பேர் என்று சொன்னோம், 23 பேர்தான் சொல்ல முடிந்தது. மற்ற 11 பேரில் எட்டுப் பேர் ஆறுக்கும் மேற்பட்ட மருந்துகள் உட்கொள்பவர்கள். அவர்களுக்கு 25 நிமிடம் போதவில்லை." இரண்டாம் இடத்துக்கான முடிவு இதை எழுதும்வரை வரவில்லை.

அடுத்த விண்ணப்பத்துக்கு மாற்றியவை

குழு இப்போது வரைவு எழுதுவதற்கு முன்பே கேள்வித் தாளைச் சுற்றுக்கு விடுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அறையில் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு மூவரின் பதிலும் ஒத்துப்போனால் மட்டுமே எழுதத் தொடங்குகிறார்கள். முன்பு எழுதியபின் கேட்டதால் இரண்டு வாரம் வீணானது; விண்ணப்பம் கடைசி நாளில்தான் போனது.

ஆள் எண்ணிக்கையை உறுதியாகச் சொல்லும் இடத்தில், நல்ல நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை விட்டுவிட்டு, மோசமான நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். புதிய வரைவில் "குறைந்தது இரண்டு தாதியர்" என்று இருக்கிறது. ஒருவருக்கு 25 நிமிடம், ஆறுக்கும் மேற்பட்ட மருந்து உள்ளவருக்கு இரண்டு அமர்வு என்பதும் திட்ட விளக்கத்துக்குள் வந்துவிட்டது. எழுத்தை நேரடியாகப் படிவத்தில் ஒட்டிப் பார்த்து எண்ணுகிறார்கள்.

வராதவர்கள் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. தாதியரில் இருவர் தங்கள் புளோக்கில் வீடு வீடாகச் சென்று கேட்க முன்வந்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை கைக்கு வரும்வரை, தேவை என்ற பெட்டியில் "எங்களிடம் வருபவர்களில்" என்ற சொற்களைச் சேர்த்தே எழுதுவது என்று முடிவு செய்துள்ளார்கள். அந்தச் சொற்கள் வாக்கியத்தின் வேகத்தைச் சற்றுக் குறைக்கத்தான் செய்கின்றன. அவற்றை எடுக்க வேண்டாம் என்று இம்முறை சொன்னவர் பொருளாளர்.